8 ஜிபி லேப்டாப்பில் மஞ்சள் இலை மாடல்: என் அனுபவம்

ஈரோடு பக்கத்து மஞ்சள் தோட்டங்களில் எடுத்த இலைப் படங்கள் 6000 இருந்தன. இலைப்புள்ளியா, கருகலா, நல்ல இலையா என்று பிரிக்கும் மாடல் வேண்டும். என் லேப்டாப்பில் ஜிபியு கிடையாது, ஒரு எபோக் முடிவதற்குள் தறி ஓட்டிவிட்டு வந்துவிடலாம்.

அதனால் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்தேன். கருகல் படங்கள் ரொம்பக் கம்மி, குருட்டாம்போக்கில் எடுத்தால் அவை இன்னும் சுருங்கிவிடக்கூடும் என்பதால் வகை விகிதம் மாறாமல் பிரித்தேன்:

```python
small, _ = train_test_split(df, train_size=0.1,
    stratify=df["label"], random_state=1)
```

அதிலும் முதலில் 20 படங்களை மட்டும், ஆக்மென்டேஷனை நிறுத்திவிட்டு, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இவ்வளவு குறைந்த படங்களை மாடல் மனப்பாடமே செய்துவிடும், அதனால் லாஸ் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். நெருங்காவிட்டால் பெரும்பாலும் கோடிலோ லேபிளிலோ லேர்னிங் ரேட்டிலோ கோளாறு, அதைக் கண்டுபிடிக்க ஜிபியு எதற்கு?

அப்புறம்தான் முழு டேட்டாவோடு இணையத்தில் ஜிபியு தரும் இலவச நோட்புக்குக்குப் போனேன். அங்கே ஜிபியு பெரும்பாலும் சும்மாவே கிடந்தது, ஏனென்றால் ஆன்லைன் டிரைவிலிருந்து சின்னச் சின்ன ஃபைலாகப் படிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. ஒரே ஜிப்பாக நோட்புக்கின் சொந்த டிஸ்கில் இறக்கி அங்கே பிரித்ததும் சரியானது. செஷன் எப்போது அறும் என்று சொல்ல முடியாது, அறுந்தால் அந்த டிஸ்க்கும் காலி. ஆகவே ஒவ்வொரு எபோக் முடிவிலும் மாடலோடு ஆப்டிமைசர் நிலையையும் டிரைவில் சேமிக்கிறேன். மாடலை மட்டும் சேமித்தால் மறுபடி தொடங்கும்போது லாஸ் துள்ளலாம்.