நிறுவன மதிப்பும் வேக்கும் ஒன்றையொன்று துரத்தும்போது: சுற்றிச் சுற்றி விடை காண்பது எப்படி?

எடையிட்ட சராசரி மூலதனச் செலவை, அதாவது வேக்கைக் கணக்கிடக் கடனின் எடை D/V வேண்டும். V என்பது நிறுவனத்தின் சந்தை மதிப்பு. ஆனால் அந்த மதிப்பைக் கண்டுபிடிக்கத்தானே வேக்கையே தேடுகிறோம்? பங்கு சந்தையில் விற்கப்படாத ஒரு நிறுவனத்தை மதிப்பிட உட்கார்ந்தபோது நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஏட்டு மதிப்பை எடையாக வைத்து ஒரு விடை எடுத்தேன். அந்த விடையும் நான் வைத்த எடையும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை.

சிறிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மாறாமல் வரும் பணவரவு 120. கடன் 400, அது என்றும் அப்படியே இருக்கும். கடன் வட்டி 8%, வரி 25%. கடனே இல்லாதிருந்தால் பங்குதாரர்கள் எதிர்பார்க்கும் வருமானம் 12%. ஏட்டில் பங்கு மூலதனமும் 400 என்பதால் முதல் ஊகமாக V = 800 என்று தொடங்குகிறேன். எக்செலில் இப்படி:

```
B1: 120  B2: 400  B3: 8%  B4: 25%  B5: 12%
A8: 800
B8: =A8-$B$2
C8: =$B$5+($B$5-$B$3)*(1-$B$4)*$B$2/B8
D8: =(B8*C8+$B$2*$B$3*(1-$B$4))/A8
E8: =$B$1/D8
A9: =E8
```

B பங்கின் மதிப்பு, C பங்கு மூலதனச் செலவு, D வேக், E புதிய மதிப்பு. B8 முதல் E8 வரை உள்ளதை 9ஆம் வரிசைக்கு நகலெடுத்து, அப்புறம் அந்த வரிசையை முழுதாகக் கீழே இழுத்தால் போதும்.

முதல் வரிசையில் வேக் 10.5%, மதிப்பு 1142.86. அதையே அடுத்த வரிசையின் ஊகமாக வைத்தால் கடனின் எடை 50%இலிருந்து 35%ஆக இறங்கும், வேக் 10.95%ஆக ஏறும், மதிப்பு 1095.89. அடுத்தது 1100.41, அதற்கடுத்தது 1099.96. ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று ஆடிக்கொண்டே 1100இல் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிறது.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். முதல் முயற்சியில் C நெடுவரிசையை நான் போடவே இல்லை. பங்கு மூலதனச் செலவை 15% என்று ஒரு முறை கணக்கிட்டு, அதை எல்லா வரிசைக்கும் நிலையாக வைத்துவிட்டேன். கணக்கு அழகாக 1040இல் வந்து நின்றது. எண் அசையாமல் நின்றதால் சரியான விடை என்றே நம்பினேன். ஆனால் அந்த 15%, கடனும் பங்கும் சரிபாதியாக இருந்த நிலைக்கு உரியது. 1040இல் பங்கின் மதிப்பு 640. கடன் சுமை பங்குக்கு நிகராக இல்லை, அதில் 62.5% மட்டுமே. அந்த நிலையில் பங்குதாரர் கேட்பது 13.875%தான். எடையை மாற்றும்போதெல்லாம் பங்கு மூலதனச் செலவையும் மாற்றியாக வேண்டும். கணக்கு ஒரு புள்ளியில் குவிந்துவிட்டது என்பதற்காக அது சரியாகிவிடாது.

சரி, சரிபார்ப்பது எப்படி? கடனற்ற நிறுவனத்தின் மதிப்பு 120/0.12 = 1000. கடன் வட்டியால் கிடைக்கும் வரிச்சேமிப்பின் மதிப்பு 400 × 25% = 100. கூட்டினால் 1100. வேக் இல்லாத இந்த வழியிலும் அதே எண் வருகிறதா என்று பார்க்காமல் நான் இப்போது எந்தத் தாளையும் மூடுவதில்லை.

`File > Options > Formulas` போய் `Enable iterative calculation` தேர்ந்தெடுத்தால் எக்செலே ஒரே வரிசையில் இந்தச் சுற்றைச் செய்துவிடும். எனக்கு அது பிடிக்காது. வழியில் ஒரு முறை `#DIV/0!` வந்துவிட்டால் அந்தப் பிழையே மீண்டும் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். மூல எண்ணைத் திருத்தினாலும் போகாது. வேறெங்கோ தவறுதலாக விழுந்த வட்டத்தையும் எச்சரிக்காமல் விழுங்கிவிடும். வரிசை வரிசையாகப் போட்டால் ஒவ்வொரு சுற்றும் கண்ணெதிரே இருக்கும்.

பின்சேர்க்கை: தன் நிறுவனம் கடனை எப்போதும் மதிப்பில் 40%ஆக வைத்திருக்கும், அங்கே எத்தனை சுற்று வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒன்றும் வேண்டாம். எடை முன்பே தெரியும் என்பதால் அங்கே வட்டமே இல்லை. ஆனால் C8இல் உள்ள `(1-$B$4)` அந்த நிலைக்குப் பொருந்தாது. கடன் தொகை மாறாமல் நிற்கும்போதுதான் அது சரி. கடன் மதிப்போடு சேர்ந்து ஏறி இறங்கினால் வரிச்சேமிப்புக்கும் தொழிலுக்குள்ள அதே அபாயம் வந்துவிடும். அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்.