சிம் பின் பூட்டு: பியுகே கேட்கும் வரை போவது எப்படி, கேட்ட பிறகு செய்யக்கூடாதவை என்ன

போன் திருடுபோனால் திருடன் முதலில் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போடுவான். அதன்பிறகு உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் அவன் கைக்குத்தான் போகும். திரைப் பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் அது போனோடு நின்றுவிடுகிறது. சிம்மைக் காப்பது சிம் பின் மட்டும்தான். அதனால் அதைப் போட்டு வைப்பது நல்ல காரியமே. ஆனால் போடுகிற அன்றைக்கே பலர் தங்கள் சிம்மைத் தாங்களே பூட்டிக்கொள்கிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே தவறு.

செட்டிங்ஸில் SIM lock என்பதை ஆன் செய்ததும் ஒரு பெட்டி வந்து பின் கேட்கும். 'சரி, புதுசாக ஒரு பின் வைக்கச் சொல்கிறது' என்று நினைத்து, பிறந்த வருடத்தையோ ஏடிஎம் எண்ணையோ தட்டுகிறோம். அந்தப் பெட்டி கேட்பது புதிய பின் அல்ல, ஏற்கெனவே இருக்கும் பின். பூட்டு ஆஃப் ஆக இருந்த காலத்திலும் சிம்முக்குள் ஒரு பின் இருந்துகொண்டுதான் இருக்கிறது. நிறுவனம் சிம்மைத் தயாரிக்கும்போதே அதைப் பதித்துவிடுகிறது. முதலில் அந்தப் பழைய பின்னைக் கொடுத்துப் பூட்டை ஆன் செய்ய வேண்டும், அப்புறம்தான் Change SIM PIN வழியாக நமக்குப் பிடித்த எண்ணுக்கு மாற்ற வேண்டும். 4 முதல் 8 இலக்கம் வரை வைக்கலாம்.

அந்தப் பழைய பின் என்ன? பல சிம்களில் 1234 அல்லது 0000 தான். ஆனால் எல்லாவற்றிலும் அல்ல. '1234 போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் 0000, அதுவும் இல்லையென்றால் 1111' என்று இணையத்தில் தாராளமாக யோசனை சொல்வார்கள். அந்த மூன்றும் தவறாகப் போனால் கதை முடிந்தது. வாடிக்கையாளர் சேவையைக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம்.

ஏன் மூன்று? பின் சரியா தவறா என்று பார்ப்பது போனும் அல்ல, டவரும் அல்ல. சிம் அட்டையே பார்க்கிறது. அட்டைக்குள் ஒரு எண்ணிக்கை 3-இல் தொடங்குகிறது. ஒவ்வொரு தவறுக்கும் ஒன்று குறையும், சரியான பின்னைக் கொடுத்தால் மறுபடி 3 ஆகிவிடும். போனை அணைத்தாலும், பேட்டரியைக் கழற்றினாலும், சிம்மை வேறு போனில் போட்டாலும் அது அப்படியே இருக்கும். போன மாதம் இரண்டு முறை தவறாகப் போட்டுவிட்டு, சரியான பின்னைக் கொடுக்காமலே சிம்மைக் கழற்றி வைத்திருந்தால், இன்றைக்கும் மிச்சம் ஒரே வாய்ப்புதான்.

இன்னொரு வழியிலும் மாட்டிக்கொள்வது உண்டு. போன் ரீஸ்டார்ட் ஆகிறது, திரையில் நான்கு இலக்கம் கேட்கிறது, கை தன்பாட்டுக்குத் திரைப் பூட்டு எண்ணைத் தட்டிவிடுகிறது. சிம் பின் போன் ஆன் ஆகும்போதும் சிம்மை மாற்றிப் போடும்போதும் மட்டுமே கேட்கப்படும் என்பதால், அதை மாதக்கணக்கில் மறந்தே போயிருப்போம். இரண்டு சிம் உள்ள போனில் குழப்பம் இரட்டிப்பு, ஏனென்றால் இரண்டுக்கும் தனித்தனி பின், தனித்தனி எண்ணிக்கை. பெட்டியின் மேலே SIM 1 என்று இருக்கிறதா SIM 2 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள். எத்தனை வாய்ப்பு மிச்சம் என்பதையும் பெரும்பாலான போன்கள் அங்கேயே காட்டும். ஒன்று என்று காட்டினால் கையை எடுத்துவிட வேண்டும்.

மூன்றும் போய்விட்டால் திரை PUK, அதாவது பியுகே கேட்கும். இது அடைபட்ட பின்னைத் திறக்கும் 8 இலக்க எண். இதற்குப் பத்து வாய்ப்பு உண்டு, ஆனால் பத்து என்பது ஊகித்துப் பார்க்க அல்ல: எட்டு இலக்கத்தில் பத்துக் கோடி எண்கள் இருக்கின்றன. பத்தும் தவறினால் அந்த அட்டை நிரந்தரமாகச் செத்துவிடும், நிறுவனத்தாலும் உயிர்ப்பிக்க முடியாது. இந்த நேரத்தில் பதற்றத்தில் சிலர் போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுகிறார்கள். அதனால் படங்களும் தொடர்புகளும்தான் அழியும், பூட்டு அட்டையில் இருப்பதால் அசையாது. 'மொபைல் எண்ணைக் கொடுத்தால் பியுகே தருகிறோம்' என்னும் இணையதளங்களும் வெறும் ஏமாற்று. இந்த எண் உங்கள் மொபைல் எண்ணிலிருந்து கணக்கிடப்படுவது அல்ல. அட்டை தயாராகும்போதே வைக்கப்பட்டு, நிறுவனத்தின் பதிவில் இருப்பது.

அதைப் பெற முதலில் சிம் வந்த பெரிய பிளாஸ்டிக் அட்டையைத் தேடுங்கள். சில நிறுவனங்கள் அதிலேயே அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ பெறலாம். பூட்டிய சிம்மிலிருந்து அவசர அழைப்பைத் தவிர வேறு எதுவும் போகாது. வீட்டில் அதே நிறுவனத்தின் இன்னொரு எண் இருந்தால் அதிலிருந்து 198-ஐ அழைக்கலாம். வைஃபை இருந்தால் போனில் இணையம் மட்டும் வேலை செய்யும். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பக்கத்தில் இருப்பது நல்லது, ஏனென்றால் அடையாள விவரங்கள் கேட்பார்கள். சிம்மின் மேல் அச்சிட்ட நீள எண்ணையும் கேட்கலாம். இந்திய சிம்களில் அது 8991 என்று தொடங்கும். அழைப்பதற்கு முன்பே சிம்மைக் கழற்றி அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணம்: சேவை மையம் சொன்ன எண் 41720936 என்று வைத்துக்கொள்வோம். அதைத் திரையில் தட்டியதும் புதிய பின் கேட்கும், இருமுறை கொடுக்க வேண்டும். நீங்கள் 5827 என்று கொடுத்தால் இனி அதுதான் பின், பழையது போய்விட்டது. பெட்டி வராத போனில் டயல் திரையில் இப்படிப் போடலாம்:

```
**05*41720936*5827*5827#
```

பியுகே சரியாகப் போனதும் பின்னின் எண்ணிக்கை மறுபடி 3 ஆகும். பூட்டு ஆன் ஆகவே இருக்கும். வேண்டாமென்றால் புதிய பின்னைக் கொடுத்து செட்டிங்ஸில் ஆஃப் செய்துகொள்ளலாம். எண்ணைத் தாளில் எழுதி, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துத் தட்டுங்கள். சரியாகத் தட்டியும் இரண்டு முறை தவறு என்று வந்தால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அது உங்கள் இன்னொரு சிம்முக்கான எண்ணாக இருக்கும், அல்லது எண்ணைப் போர்ட் செய்த பிறகும் பழைய நிறுவனத்தின் அட்டையைப் பார்த்துப் போட்டிருப்பீர்கள்.

திரையில் PUK2 என்று வந்தால் அது வேறு விஷயம். குறிப்பிட்ட எண்களை மட்டும் அழைக்கவிடும் வசதிக்கான பூட்டு அது; அது அடைபட்டாலும் போன் பேசுவதற்குத் தடையில்லை. முதல் பியுகேயை அதில் போட்டால் வேலை செய்யாது.

பத்து வாய்ப்பும் தீர்ந்துவிட்டதா? அடையாள அட்டையோடு நிறுவனத்தின் கடைக்குப் போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குவது ஒன்றே வழி. எண் போகாது, சிம்மிலேயே சேமித்த தொடர்புகள் போகும். இந்தியாவில் மாற்று சிம் இயங்கத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, அதாவது ஓடிபியும் வராது. சிம் மோசடியைத் தடுக்க வைத்த விதி இது. 2024 ஜூலை முதல், சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்யவும் முடியாது. மறுநாள் கட்ட வேண்டிய தவணையோ ரயில் டிக்கெட்டோ இருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் அதற்கு வேறு ஏற்பாடு செய்துவிடுங்கள்.