ஆஃப்செட் மெஷின் கையேடு: தமிழாக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கம்மிங், டின்டிங் இரண்டையும் "அச்சில்லாத இடத்தில் கறை படிதல்" என்று ஒரே பெயரில் அடக்குவதுதான் பெரிய சேதத்தைத் தரும் தவறு. தாளில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் வைத்தியம் வேறு.

ஸ்கம்மிங்கில், தண்ணி பிடிக்க வேண்டிய, பிளேட்டின் அச்சில்லாத இடம் இங்க்கைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணி குறைந்திருக்கலாம், அல்லது பிளேட்டின் அந்தப் பரப்பு கெட்டிருக்கலாம். அதனால் முதலில் தண்ணியைக் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பது சரிதான். டின்டிங்கில் இங்க் நுண்துளிகளாகத் தண்ணிக்குள்ளேயே கலந்துவிடுகிறது. தாள் முழுக்க மெல்லிய சாயம் ஏறும்.

சயான் யூனிட்டில் டின்டிங் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை மார்ஜின் இளநீலமாகிறது. தமிழ்க் கையேடு "கறை படிந்தால் நீரை அதிகரிக்கவும்" என்கிறது. ஆபரேட்டர் ஏற்றுகிறார். இங்க் இன்னும் தண்ணி குடிக்கிறது, படம் வெளுக்கிறது. ஈடுகட்ட, இங்க் வரத்தைக் கூட்டக் குறைக்க உதவும் இங்க் கீயைத் திறக்கிறார். கடைசியில் டெலிவரி அடுக்கில் ஒரு தாளின் இங்க் அடுத்த தாளின் முதுகில் ஒட்டுகிறது, சாயமோ போகவில்லை. பார்த்திருக்க வேண்டியது, பிளேட்டை நனைக்கும் தண்ணியான ஃபவுண்டன் கரைசலின் பி.எச்., கலவை விகிதம், அந்த இங்க் ஆகியவற்றை.

ஆகவே அடையாளம் காணும் வழியையும் சேர்த்தே எழுதுங்கள்: மெஷினை நிறுத்தி, ஈர ஸ்பாஞ்சால் பிளேட்டைத் துடைக்க வேண்டும். டின்டிங் சுலபமாகப் போய்விடும், ஓட்டினால் திரும்ப வரும். ஸ்கம் லேசில் போகாது.

ஃபவுண்டன் என்ற சொல்லும் ஏமாற்றும். அமெரிக்கக் கையேடுகளில் இங்க் இருக்கும் தொட்டிக்கும் அதே பெயர், தண்ணித் தொட்டிக்கும் அதே பெயர். "ஃபவுண்டன் ரோலரின் வேகத்தைக் குறைக்கவும்" என்று வந்தால், அது எந்தப் பகுதி என்று படத்தைப் பார்த்து உறுதிசெய்து, "இங்க் டக்ட் ரோலர்" அல்லது "தண்ணி பான் ரோலர்" என்று பிரித்து எழுத வேண்டும். "நீரூற்று உருளை" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. கலவை அளவை வெறும் சதவீதமாக விடாமல், 2% என்றால் 20 லிட்டர் கரைசலில் 400 மி.லி. கான்சென்ட்ரேட் என்று அளவாகவே கொடுங்கள்.

நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதைச் சொல்லும் ரிஜிஸ்டர் பகுதியில் "பதிவு" என்று போட்டால் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்வதாகப் படும். அதைவிட மோசமானது "இடது, வலது". ஃபீடர் பக்கம் நிற்பவரின் இடது, டெலிவரி பக்கம் நிற்பவருக்கு வலது. 0.1 மி.மீ. விலகலைச் சரிசெய்யப் போய் எதிர்த்திசையில் நகர்த்தினால் 0.2 மி.மீ. ஆகிவிடும். "ஆபரேட்டர் சைடு, டிரைவ் சைடு" என்றே எழுதுங்கள்.

'இன்ச்' பட்டனை "ஓர் அங்குலம் நகர்த்தவும்" என்று எழுதுவது சிரிப்புக்குரியதல்ல, கை போகும் விஷயம். அந்தப் பட்டனை அழுத்தியிருக்கும்வரை சிலிண்டர் மெதுவாகச் சுற்றும், விரலை எடுத்தால் நிற்கும். கையேட்டில் அதை அப்படியே சொல்லிவிட வேண்டும்.