ஏழாம், எட்டாம் வாய்ப்பாட்டுக்கு ஏழே பாட்டு: கட்டும் முறையும் சொல்லிக்கொடுக்கும் முறையும்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வழி வகுப்புகளில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் டீச்சர்மாரையும், வீட்டில் பிள்ளையை உட்கார்த்திப் படிக்கவைக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஏழாம் வாய்ப்பாட்டை முழுவதும் ஒரே ராகத்தில் பாடவைப்பது எளிது. ஆனால் அப்படிப் பாடிய பிள்ளையிடம் எட்டேழு எத்தனை என்று கேட்டால், அது ‘ஓரேழ் ஏழு’ என்று முதலிலிருந்து ஓடிவந்துதான் விடையைத் தொடும். நடுவில் ஓரிடத்தில் இடறினால் விரலைத் தேடும். ஆகவே முழு வாய்ப்பாட்டுக்கும் ஒரு நீளப் பாட்டு வேண்டாம். ஒவ்வொரு பெருக்கலுக்கும் தனித்தனியே ஈரடிப் பாட்டு போதும்.

முதலில் கழித்துக்கட்டுங்கள்

ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகிய வாய்ப்பாடுகள் தெரிந்த பிள்ளைக்கு ஏழிலும் எட்டிலும் அந்த வரிகள் புதியவை அல்ல. மூன்றாம் வாய்ப்பாடு தெரிந்தால் 21, 24 வந்துவிடும். பதினான்கை இரட்டித்தால் 28, பதினாறை இரட்டித்தால் 32. இவற்றுக்கெல்லாம் பாட்டுக் கட்டுவது வீண் சுமை. மீதி நிற்பவை 6×7, 7×7, 7×8, 7×9, 6×8, 8×8, 8×9 ஆகிய ஏழு மட்டுமே. இதைப் பலகையில் எழுதிக் காட்டினாலே பிள்ளைகளின் பயம் பாதி போய்விடும்.

பாட்டின் தலையும் வாலும்

தமிழில் நாற்பத்திரண்டு என்னும் சொல்லில் பத்தின் இலக்கம் முன்னாலும் ஒன்றின் இலக்கம் பின்னாலும் நிற்கிறது. அதனால் இரண்டு பூட்டுகள் வேண்டும். இரண்டாம் அடியின் முதல் சொல் விடையின் முதல் எழுத்தோடு மோனையாக ஒத்தால் அது பத்தைப் பூட்டும். இரண்டு அடிகளின் கடைசிச் சொற்களும் இயைபாக ஒத்தால் அது ஒன்றைப் பூட்டும். ஒரு பூட்டு மட்டும் இருக்கிற பாட்டு ராகமாக இருக்கும், தவறான எண்ணையும் உள்ளே விட்டுவிடும்.

6×7 என்பதை எடுத்துக்கொள்வோம். விடையின் வால் ‘இரண்டு’. அதற்கு ‘திரண்டு’ ஒத்துவரும். தலை ‘நா’, அதற்கு ‘நாரில்’ என்று தொடங்கலாம். அடிக்கு நான்கு சீர், அதாவது நான்கு கைத்தட்டு:

ஏழாறு பூக்கள் வந்தன திரண்டு
நாரில் கோத்தால் நாற்பத் திரண்டு.

இப்போது வேண்டுமென்றே தவறான விடையைப் போட்டுப் பாருங்கள். ‘நாரில் கோத்தால் நாற்பத்தெட்டு’ என்றால் வால் ஒட்டவில்லை; ‘நாரில் கோத்தால் எழுபத்திரண்டு’ என்றால் தலை ஒட்டவில்லை. கட்டுகிற ஒவ்வொரு பாட்டையும் இப்படிச் சோதித்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். எட்டாம் வாய்ப்பாட்டுக்கான பாட்டுகளிலும் ‘இரண்டு’ என்றே முடிகிற விடை ஒன்று இருப்பதால், அங்கே தலைச்சொல்லில் கூடுதல் கவனம் தேவை:

ஒன்பதெட்டு மூட்டை வண்டியில் உருண்டு
எல்லை கடக்கும் எழுபத் திரண்டு.

மற்ற ஐந்தும் இவை:

ஏழேழ் எத்தனை ஆகும் என்பது
நாலே நொடியில் நாற்பத் தொன்பது.

எட்டேழ் லாரி எதிரே வாளையாறு
ஐயம் வேண்டா ஐம்பத் தாறு.

ஒன்பதேழ் கொடிக்கும் கொம்பை ஊன்று
அத்தனை கொம்பும் அறுபத்து மூன்று.

எட்டாறு கருப்பட்டி எடுத்துக் கட்டு
நாவில் இனிக்கும் நாற்பத் தெட்டு.

எட்டெட்டு எட்டுச் சிலந்தியின் காலு
அடே யப்பா அறுபத்து நாலு.

‘கால்’ என்னாமல் ‘காலு’ என்றிருப்பது நாலுக்காக. பாட்டில் அது பிழையல்ல. 7×8ஐ ‘ஏழெட்டு’ என்னாமல் ‘எட்டேழு’ என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. ஏழெட்டுப் பேர் வந்தார்கள் என்று நாம் தோராயமாகப் பேசுவதால், அந்தச் சொல்லைக் கேட்டதும் சிறு பிள்ளைக்குப் பெருக்கல் தோன்றாது. ஆறேழு, எட்டொன்பது ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும் என்பதால், பாட்டில் எப்போதும் பெரிய எண் முன்னால் நிற்கட்டும்.

நாற்பத்தெட்டுக்கு ‘ஒரு மண்டலம்’ என்று நினைவுக்குறி வைக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டுப் பக்கம் அது எடுபடும். இங்கே சபரிமலை விரதத்துக்கு மண்டலம் என்றால் 41 நாள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கு, இரண்டையும் குழப்பிவிடும். அதேபோல் 63க்கு நாயன்மார் நல்ல குறிதான், ஆனால் கோயிலில் அந்த வரிசைச் சிலைகளைப் பார்த்திராத பிள்ளைக்கு அது இன்னொரு மனப்பாடமாகிவிடும். பந்தலில் பாவலும் புடலையும் ஏறுவதை இங்கே எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள் என்பதால் கொடிக்கொம்பையே வைத்தேன்.

சொல்லிக்கொடுக்கும் வரிசை

ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் நீங்கள் கைத்தட்டிச் சொல்லுங்கள், பிள்ளைகள் கூடவே சொல்லட்டும். பிறகு கடைசி எண்ணை மட்டும் விட்டுவிட்டு நிறுத்துங்கள், அவர்கள் நிரப்புவார்கள். அதன்பின் இரண்டாம் அடி முழுவதையும் அவர்களிடம் விட்டுவிடுங்கள். இறுதியாகப் பாட்டை வாயில் எடுக்காமல், ‘எட்டேழு?’ என்றும் ‘ஏழு பெருக்கல் எட்டு?’ என்றும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். இந்தக் கடைசிப் படியைத் தாவிவிட்டால் பிள்ளைக்குப் பாட்டு வரும், கணக்கு வராது.

42, 48, 49 மூன்றும் ‘நா’ என்றே தொடங்குவதால் அவற்றை அடுத்தடுத்த நாட்களில் சொல்லிக்கொடுக்காதீர்கள். நடுவில் 63, 56 போன்ற ஒன்றை வைத்துப் பிரியுங்கள்.

விடை வருவதை மட்டும் பார்க்காமல் அது வருகிற விதத்தையும் பாருங்கள். உதடு நீண்ட நேரம் அசைந்தால் பிள்ளை இன்னும் வாய்ப்பாட்டின் முதலிலிருந்து வருகிறது. கை மேசைக்கடியில் போனால் விரல் எண்ணுகிறது. விடையே தவறினால், பத்து தவறியதா ஒன்று தவறியதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். 7×8க்கு அறுபத்தாறு என்று வந்தால் தலைப்பூட்டு கழன்றிருக்கிறது. இது நம் பகுதியில் எளிதில் நேரக்கூடியது, ஏனென்றால் பேச்சுத் தமிழிலும் மலையாளத்திலும் நாம் ‘அம்பத்தாறு’ என்றே சொல்கிறோம். அப்போது ‘ஐயம்’ என்னும் தலைச்சொல் பிடிப்பை இழக்கிறது, ‘அ’ என்று தொடங்கும் அறுபது அருகில் வந்துவிடுகிறது. பாட்டில் மட்டுமாவது ‘ஐம்பத்தாறு’ என்று ஐகாரத்தை அழுத்திச் சொல்லவையுங்கள். அதற்கும் மசியாத பிள்ளைக்கு 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதி, ஐந்துக்கும் ஆறுக்கும் பின்னால் சமக்குறியும் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் பெருக்கல் குறியும் போட்டுக்காட்டுங்கள்: 56 = 7 × 8.

பாட்டு முற்றிலும் மறந்துபோனால் திரும்பிவர ஒரு வழியையும் கையில் கொடுத்துவையுங்கள். ஐயேழ் முப்பத்தைந்து தெரியும். அதோடு ஓர் ஏழு சேர்த்தால் 42. ஐயெட்டு நாற்பது, அதோடு ஓர் எட்டு சேர்த்தால் 48. விரலில்லாமல் செய்யக்கூடிய கூட்டல்தான் இது.

வகுத்தலுக்கு வரும்போது இந்தப் பாட்டுகள் அப்படியே உதவுவதில்லை, ஏனென்றால் அவை கேள்வியிலிருந்து விடைக்கு ஒரே திசையில்தான் ஓடுகின்றன. ஏழு பாட்டும் தடையின்றி வந்த பிறகு, இரண்டாம் அடியை நீங்கள் சொல்லி முதல் அடியைப் பிள்ளையிடம் கேளுங்கள். ‘அத்தனை கொம்பும் அறுபத்து மூன்று’ என்று நீங்கள் சொன்னதும் ‘ஒன்பதேழ் கொடி’ என்று வந்தால், 63ஐ ஏழால் வகுக்கும் கணக்கைப் பலகையில் எழுதலாம்.