பல வாசல்கள் உள்ள மாலில் கார் ஏறும் இடத்தைச் சரியாகக் குறிப்பது எப்படி?

செயலியில் கார் அழைக்கத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் பதிவு செய்வது, பணம் கட்டுவது பற்றியெல்லாம் பேசப்போவதில்லை. வடசென்னையில் நாங்கள் வழக்கமாகப் போகும் மாலில், காரும் நாங்களும் ஒரே கட்டடத்தின் இரண்டு பக்கங்களில் நின்று ஒருவரையொருவர் தேடும் சிக்கலை எப்படித் தீர்த்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாசலை முடிவு செய்யுங்கள், காரை அப்புறம் அழையுங்கள். பில் போட்டுக்கொண்டே கார் அழைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எந்த வாசலில் வாடகைக் கார்களை நிற்கவிடுகிறார்கள் என்று காவலாளியிடம் கேளுங்கள். சொந்தக் கார் வெளியேறும் வழியும் வாடகைக் கார் ஆள் ஏற்றும் இடமும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். இதைச் செயலியைவிட அவர் நன்றாக அறிவார்.

அடுத்து, அந்த வாசலைத் தாண்டி வானம் தெரியும் இடத்துக்கு வந்து நில்லுங்கள். கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை சரியாக எட்டாது. கைபேசி அக்கம்பக்கத்து வைஃபையையும் செல்போன் கோபுரத்தையும் வைத்து இடத்தை ஊகிக்கும். வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாகத் தெரிந்தால், அந்த வட்டத்துக்குள் நீங்கள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொருள். வெளியே வந்து சற்று நின்றால் வட்டம் சுருங்கும். சுருங்கவே இல்லையென்றால், கைபேசி அமைப்புகளில் அந்தச் செயலிக்கு Precise location அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி வருவதுதான் எங்களை அலைக்கழித்த இடம். நீலப் புள்ளி வேறு, கார் வந்து நிற்கும் குறி வேறு. கார் கட்டடத்துக்குள் வர முடியாது என்பதால், செயலி அந்தக் குறியைப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு சாலைக்கு நகர்த்திவிடுகிறது. அது எந்தச் சாலை, நடுவில் மதில் இருக்கிறதா என்பதையெல்லாம் அது பார்ப்பதாகத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தண்டையார்பேட்டைக்குத் திரும்ப நானும் அம்மாவும் முன்வாசலில் நின்றோம். குறியோ கட்டடத்தின் பின்புறச் சந்தில் விழுந்திருந்தது. “அம்மா, வந்துவிட்டேன், இங்கே ஒரு பெரிய மதில்தான் இருக்கிறது” என்றார் ஓட்டுநர். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். கார் குறியை அடைந்ததும் காத்திருப்பு நேரம் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், இது பணத்தையும் பாதிக்கும்.

ஆகவே உறுதி செய்யும் பொத்தானை அழுத்துமுன் வரைபடத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குங்கள். வாசல்களின் பட்டியலைச் செயலி காட்டினால், உங்கள் வாசலைத் தேர்ந்தெடுங்கள். காட்டாவிட்டால், குறியை உங்கள் வாசலுக்கு நேர் எதிரே உள்ள சாலைக்கு இழுத்து வையுங்கள். சாலையின் நடுவே தடுப்பு இருந்தால், மால் இருக்கும் பக்கத்திலேயே குறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் விழுந்தால், ஓட்டுநர் அடுத்த திருப்பம்வரை போய் வளைந்து வர வேண்டும்.

பிறகு ஓட்டுநருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். “மால் முன்னால் நிற்கிறேன்” என்று எழுதுவதில் பயனில்லை. அவருக்கு எல்லா வாசலும் முன்னால்தான். நான் அனுப்புவது இப்படி இருக்கும்: “இரண்டாம் வாசல், கொளத்தூர் பக்கமிருந்து வந்தால் இடது கை, ஏடிஎம் பலகைக்குக் கீழே, பச்சைப் புடவை.” வாசல் எண், வரும் திசை, காரிலிருந்தே தெரியும் ஓர் அடையாளம் ஆகிய மூன்றும் போதும். மாலுக்குள் இருக்கும் கடைப் பெயரைச் சொல்லாதீர்கள், அது சாலையிலிருந்து தெரியாது. இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் பகிர்வதைவிட இந்த ஒரு வரியே எனக்குப் பிடிக்கும். வண்டி ஓட்டுபவர் இன்னொரு வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

சேர்க்கை: வீட்டிலிருந்தபடி, மாலில் இருக்கும் பெற்றோருக்குக் கார் அழைப்பவர்கள் குறியை எப்படி வைப்பது என்று கேட்டிருந்தார்கள். செயலி உங்கள் கைபேசி இருக்கும் இடத்தையே ஏறுமிடமாக எடுத்துக்கொள்ளும். மாலின் பெயரைத் தட்டச்சு செய்தாலோ குறி கட்டடத்தின் நடுவில் விழலாம். இந்த ஒரு சூழலில் மட்டும், பெற்றோரை வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை வாங்கி, அங்கே குறியை வையுங்கள். ஓட்டுநர் கேட்கும் ஓடிபி எண்ணை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சேர்க்கை: இரவுக் காட்சி முடிந்து வருபவர்கள், படத்துக்குள் நுழையும்போதே எந்த வாசல் திறந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைகள் மூடிய பிறகு பல மால்களில் ஒரு வழியை மட்டுமே திறந்து வைக்கிறார்கள். செயலியின் வாசல் பட்டியலில் மூடிய வாசலும் இருக்கலாம்.