பழைய தெருப்பெயரில் உள்ள முகவரியை வரைபடத்தில் கண்டுபிடிக்க

சென்னை முகவரிகளை வரைபடத் தரவுடன் பொருத்தும்போது, பெயர் மாற்றத்தையும் எழுத்து வேறுபாட்டையும் தனித்தனியாகக் கையாளுங்கள். "பழைய எண் 5, புதிய எண் 12, எட்வர்ட் எலியட்ஸ் சாலை, மயிலாப்பூர், 600004" என்று ஒரு முகவரி இருப்பதாகக் கொள்வோம். அந்தச் சாலை இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. இவ்விரு பெயர்களுக்கும் எழுத்தளவில் ஒற்றுமையே இல்லாததால், எழுத்து ஒப்பீட்டு நிரல் எதுவும் இவற்றை இணைக்காது. ஆகவே பழைய பெயர், புதிய பெயர், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் கொண்ட அட்டவணையை முதலில் உருவாக்குங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் `old_name`, `alt_name`, `name:ta` ஆகிய புலங்கள் நிரப்பப்பட்டிருந்தால், அவற்றிலிருந்தே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்து ஒப்பீட்டை அதற்குப் பிறகே, அதுவும் ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் மட்டும் செய்யுங்கள். ஆங்கில எழுத்தில் வரும் `Mylapore`, `Mailapur` போன்ற வடிவங்கள் அப்போது சேர்ந்துவிடும். ஆனால் வேறு பகுதியில் அதே பெயரில் உள்ள தெரு இடையில் புகாது.

கதவு எண்ணைத் தோராயமாக ஒருபோதும் ஒப்பிடாதீர்கள். ஒரு வீட்டின் பழைய எண் 12 வேறொரு வீட்டின் புதிய எண்ணாக அதே தெருவில் இருக்கக்கூடும் என்பதால், இரண்டையும் தனித்தனிப் புலங்களில் வைத்து, எது எந்த வகை என்று தெரியாத முகவரியைத் தெரு அளவிலேயே நிறுத்திவிடுவதுதான் சரி.