‘நம்ம டீமுக்கு செட் ஆகமாட்டார்’: ஆளெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்னிக்கல் ரவுண்டில் நன்றாகத் தேறியவரைக் கடைசியில் வேண்டாம் என்று சொல்லும்போது, பல நிறுவனங்களில் பதிவாவது ஒரே வரிதான்: ‘கல்ச்சர் ஃபிட் இல்லை’. காரணமே சொல்லாத அந்த வரியை ஏற்றுக்கொள்வதுதான் பெரிய தவறு.

அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன் ரிவேரா 2012-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, முன்னணி சட்ட, முதலீட்டு வங்கி, ஆலோசனை நிறுவனங்களில் ஆளெடுப்பவர்கள் 120 பேரிடம் பேசினார். நேர்முகத்தில் ‘ஃபிட்’தான் மிக முக்கியம் என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். அதற்குள் என்ன இருந்தது? தங்களைப் போன்ற பொழுதுபோக்குகள், பின்னணி, பேச்சுப் பாங்கு. விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் இவரோடு பொழுது போகுமா என்று யோசித்து முடிவெடுத்தவர்களும் உண்டு. பணம் செலவாகும் பொழுதுபோக்குகள் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே வாய்க்கும் என்பதால், வர்க்கம் அங்கே ரசனையாக வேடம் போட்டு வந்தது.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது ‘உங்க ஃபேமிலி பத்திச் சொல்லுங்க’ என்ற கேள்வி. சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், டெல்லியில் பெரிய நிறுவனங்களின் ஹெச்ஆர் மேலாளர்கள் திறமை மட்டுமே பார்ப்பதாகச் சொன்னார்கள். குடும்பப் பின்னணியையும் கேட்டார்கள். அப்பாவின் தொழிலும் சொந்த ஊரும் தெரிந்தால் சாதியை ஊகிக்க நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

ஒரு சப்போர்ட் டீமுக்கு ஆள் தேடுவதாக வைத்துக்கொள்வோம். வந்தவர் அதிகம் பேசவில்லை, ஆங்கிலம் நிதானமாக வருகிறது. ‘ஃபிட் இல்லை’ என்கிறார் ஒருவர். அந்த வேலைக்கு உண்மையில் வேண்டியது, தவறு தெரிந்தால் மேலிடத்தில் தயங்காமல் சொல்வது. அப்படியானால் அதையே கேளுங்கள்: “மேலாளர் முடிவு தப்பு என்று தோன்றியபோது என்ன செய்தீர்கள்?” பேசாமல் இருந்துவிட்டால் 1 மதிப்பெண், ஆதாரத்தோடு உரியவரிடம் சொல்லி, பிறகு எடுத்த முடிவுக்கு ஒத்துழைத்தால் 4. எல்லோரிடமும் இதே கேள்வி. கூடிப் பேசும் முன்பே ஒவ்வொருவரும் மதிப்பெண்ணையும், வந்தவர் சொன்னதையும் தனித்தனியே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் சீனியர் முதலில் சொல்வதுதான் முடிவாகிவிடும்.

இதற்கு மாற்றாக இப்போது ‘கல்ச்சர் ஆட்’ என்கிறார்கள்: டீமில் இல்லாத எதை இவர் கொண்டுவருகிறார் என்று பார்ப்பது. இது எனக்கும் பிடித்த அணுகுமுறைதான். ஆனால் ‘வித்தியாசமான ஆள்’ என்ற அளவில் நின்றுவிட்டால் பழைய விருப்புவெறுப்பே வேறு பெயரில் திரும்பி வரும். டீமில் என்ன குறை என்பதை விளம்பரம் கொடுக்கும் முன்பே எழுதிவையுங்கள். ‘வாடிக்கையாளர் இடத்தில் நேரில் வேலை பார்த்தவர் யாரும் இல்லை’ என்பது போலத் திட்டவட்டமாக இருந்தால்தான் அதற்கு மதிப்பெண் போட முடியும்.

பழகும் விதத்தைக் காரணமாகக் காட்டி ஒருவரை நிராகரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கூட வேலை செய்பவர்களை மட்டம் தட்டிப் பேசியவரை வேண்டாம் என்று சொல்லலாம். அவர் சொன்னதை அப்படியே எழுதிவையுங்கள்.

கடந்த ஓராண்டில் ‘ஃபிட்’ காரணமாகத் திருப்பி அனுப்பியவர்களின் பட்டியலை எடுத்து, டெக்னிக்கல் மதிப்பெண் சமமாக இருந்தவர்களோடு ஒப்பிடுங்கள். ஒரே வகைக் கல்லூரி, பெண்கள், வயதில் மூத்தவர்கள் என்று ஒரு பக்கமாகக் குவிகிறதா? பத்துப் பேர் மட்டுமே என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். அப்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் எழுதிய குறிப்பைப் படியுங்கள்.